வெயில் என்றுதான் சொன்னான்

வேலூர் சத்துவாச்சாரி கோர்ட்டில் சாட்சி வாக்குமூலங்களைத் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றித் தருவது என் பிழைப்பு. கீழ்க் கோர்ட்டில் சாட்சி தமிழில் சொன்னது தமிழிலேயே பதிவாகும். வழக்கு மேல்முறையீட்டுக்கு ஹைகோர்ட் போகும்போது அந்த வாக்குமூலக் கட்டுக்கு ஆங்கிலப் பிரதி வேண்டும். வக்கீல்கள் கட்டைக் கொண்டுவந்து கொடுப்பார்கள், நான் பெயர்த்து டைப் அடித்துத் தருவேன். பதினாறு வருஷமாக இதுதான் வேலை. ஆல்பெர் காம்யுவின் 'அந்நியன்' நாவலை இரண்டு ஆங்கில மொழிபெயர்ப்புகளில் பக்கத்துக்குப் பக்கம் வைத்துப் படித்தபோது எனக்கு வந்த எண்ணங்கள் எல்லாமே இந்தத் தொழிலிலிருந்து வந்தவை. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நாவல் 1942இல் பாரிஸில் வந்தது. கதை நடப்பது அல்ஜீரியாவில். மெர்சோ என்ற குமாஸ்தா, முதியோர் இல்லத்தில் இறந்துபோன தன் அம்மாவை அடக்கம் செய்துவிட்டு வருகிறான். சில நாள் கழித்துக் கடற்கரையில் ஒரு அரபு மனிதனைச் சுட்டுக் கொல்கிறான். விசாரணையில், செய்த கொலையைவிட அம்மாவின் சாவுக்கு அவன் அழாததுதான் பெரிதாகப் பேசப்படுகிறது. தமிழில் வெ. ஸ்ரீராம் பிரெஞ்சிலிருந்தே நேரடியாகப் பெயர்த்திருக்கிறார். நம்மில் பலரும் முதலில் படித்தது அதைத்தான்.

ஆங்கிலத்தில் முதலில் பெயர்த்தவர் ஸ்டூவர்ட் கில்பர்ட். 1946இல் அவர் செய்த ஒரே மொழிபெயர்ப்பு லண்டனில் 'தி அவுட்சைடர்' என்றும் நியூயார்க்கில் 'தி ஸ்ட்ரேஞ்சர்' என்றும் இரண்டு பெயரில் வந்தது. அவர் ஐ.சி.எஸ். படித்து பர்மாவில் நீதிபதியாக இருந்த ஆங்கிலேயர். இரண்டாவது, அமெரிக்கரான மேத்யூ வார்டு 1988இல் செய்தது. இன்னும் சில மொழிபெயர்ப்புகள் உண்டு. என்னிடம் இருப்பவை இந்த இரண்டும்தான். பிரெஞ்சு மூலத்துக்கு எனக்குத் துணை புதுச்சேரியில் இருக்கும் என் பெரியம்மா. பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். நான் ஃபோனில் பக்கம் சொல்வேன், அவர் வாசித்து வார்த்தை வார்த்தையாகப் பொருள் சொல்வார்.

இனி வரும் ஆங்கில வரிகளை அவற்றின் தொனி தெரியும்படி தமிழில் எழுதிக் காட்டுகிறேன். தேவைப்படும் இடத்தில் மட்டும் ஆங்கிலச் சொல்லைச் சொல்கிறேன்.

முதல் பத்தி. வார்டில் கிட்டத்தட்ட இப்படி இருக்கிறது: "அம்மா இன்றைக்குச் செத்துப்போனாள். இல்லை, நேற்றாக இருக்கலாம், எனக்குத் தெரியாது. இல்லத்திலிருந்து தந்தி வந்தது: 'தாயார் காலமானார். நாளை அடக்கம். இப்படிக்குத் தங்கள் உண்மையுள்ள.' இதற்கு ஒரு அர்த்தமும் இல்லை. நேற்றாக இருக்கலாம்."

கில்பர்ட்: "தாயார் இன்று காலமானார். அல்லது, ஒருவேளை, நேற்றாகவும் இருக்கலாம், உறுதியாகச் சொல்வதற்கில்லை. இல்லத்திலிருந்து வந்த தந்தி கூறுவது: 'உங்கள் தாயார் காலமானார். நாளை அடக்கம். ஆழ்ந்த அனுதாபங்கள்.' இதனால் விஷயம் ஐயத்துக்கு இடமாகவே உள்ளது, நேற்றாகவும் இருந்திருக்கலாம்."

கோர்ட்டில் வேலை செய்கிற யாருக்கும் இதில் முதலில் கண்ணில் படுவது 'எனக்குத் தெரியாது' என்பதும் 'உறுதியாகச் சொல்வதற்கில்லை' என்பதும்தான். குறுக்கு விசாரணையில் ஒரு சாட்சி 'தெரியாது' என்றால் அது ஒரு பதில். 'உறுதியாகச் சொல்ல முடியாது' என்றால் அது வேறு பதில். முதலாவதில் கதவு சாத்தியிருக்கிறது. இரண்டாவதில், இந்த ஆள் யோசித்துப் பார்த்திருக்கிறான், ஏதோ கொஞ்சம் தெரியும், ஆனால் கவனமாகப் பேசுகிறான் என்று ஆகிவிடுகிறது. பெரியம்மாவிடம் கேட்டேன். மூலத்தில் இருப்பது வெறும் 'தெரியாது'தான் என்றார். சின்னப் பிள்ளைகூடச் சொல்கிற வார்த்தை.

'இதற்கு ஒரு அர்த்தமும் இல்லை' என்ற வரியும் அப்படியே. அவன் தந்தியைச் சொல்கிறானா, தந்தியோடு சேர்த்து எல்லாவற்றையும் சொல்கிறானா என்று மூலத்தில் பிரிக்க முடியாது. கில்பர்ட் அதைத் தேதி பற்றிய சந்தேகமாக மட்டும் சுருக்கிவிட்டார். 'ஐயத்துக்கு இடமாகவே உள்ளது' என்பது தீர்ப்பு எழுதுகிறவரின் வாக்கியம். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவருக்கு அது கைவந்த நடையாக இருந்திருக்கும். ஆனால் இங்கே பேசுகிறவன், பின்னால் அதே மாதிரி ஒரு நாற்காலிக்கு முன்னால் நிற்கப் போகிறவன்.

தந்தியின் கடைசிச் சொற்களைப் பாருங்கள். பிரெஞ்சில் இருப்பது கடிதம் முடிக்கும்போது எழுதுகிற சம்பிரதாய வாசகம். நம் மனுக்களின் அடியில் 'தங்கள் உண்மையுள்ள' என்று எழுதுவோமே, அது. அந்த இல்லம் சாவுச் செய்தியை ஆபீஸ் கடிதம் மாதிரி அனுப்பியிருக்கிறது. கில்பர்ட் அங்கே 'ஆழ்ந்த அனுதாபங்கள்' என்று போட்டுவிட்டார். சாவுத் தந்தி என்றால் அனுதாபம் இருக்க வேண்டும் என்ற வழக்கப்படி செய்திருக்கலாம். விளைவு என்ன? இல்லத்துக்கு ஈரம் வந்துவிடுகிறது, மகன் மட்டும் ஈரமில்லாதவனாக நிற்கிறான். மூலத்தில் இரண்டு பக்கமும் ஒரே குளிர்ச்சி. பின்னால் அந்த மகன் மேல் வைக்கப்போகிற குற்றச்சாட்டே ஈரமின்மைதான். முதல் பத்தியிலேயே தராசு ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது.

அப்புறம் அந்த 'அம்மா'. மூலத்தில் மகன் சொல்வது 'மமான்', தந்தி சொல்வது 'மேர்'. ஒன்று வீட்டுச் சொல், மற்றது காகிதச் சொல். கில்பர்ட் இரண்டுக்கும் 'மதர்' என்றே போட்டதால் வீடும் காகிதமும் ஒன்றாகிவிட்டன. வார்டு மகன் வாயில் 'மமான்' என்ற பிரெஞ்சுச் சொல்லை அப்படியே விட்டுவிட்டார். 'மம்மி' என்று போட்டால் ஆள் குழந்தையாகிவிடுவான், 'மதர்' என்றால் விறைத்துப்போவான், அதனால் இந்த வழி. ஆங்கில வாசகனுக்கு அது கொஞ்சம் அந்நியமாக ஒலிக்கும் என்பது அதற்குக் கொடுத்த விலை. தமிழில் இந்தச் சங்கடமே இல்லை. அறுபது வயதிலும் நமக்கு அம்மா அம்மாதான், தந்தியில் தாயார்தான். நமக்கு இடறுவது வினைச்சொல்லில். 'இறந்துவிட்டாள்' என்பதா, 'இறந்துவிட்டார்' என்பதா? எங்கள் பக்கத்துக் கிராமங்களில் 'அம்மா செத்துப்போச்சு' என்பார்கள். அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை, அத்தனை ஒட்டுதல். அந்த வாக்கியத்தை ஒரு ஜட்ஜுக்கு முன்னால் சொல்லிப் பாருங்கள். மெர்சோவுக்கு நேர்ந்தது என்ன என்று உடனே புரியும்.

இப்போது எனக்கு மிக முக்கியமாகப் படும் இடத்துக்கு வருகிறேன். கடற்கரை.

அதற்கு முன் என் வேலையில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். பல வருஷத்துக்கு முன்னால், ஒரு வரப்புத் தகராறில் ஆள் செத்துப்போன வழக்கு. சாட்சிகள் எல்லாம் முடிந்ததும், உனக்கு எதிராக இப்படி இப்படிச் சாட்சியம் வந்திருக்கிறது, என்ன சொல்கிறாய் என்று எதிரியிடம் ஜட்ஜ் நேராகக் கேட்பார். வழக்கமாக எல்லோரும் 'பொய் வழக்கு' என்று முடித்துக்கொள்வார்கள். இந்த ஆள், "வெயிலுங்கய்யா. வெயிலு தாங்கல" என்று சொல்லியிருந்தான். பதிவில் அவ்வளவுதான் இருந்தது. நான் அதை ஆங்கிலத்தில் 'ஹீட்' தாங்க முடியவில்லை என்று பெயர்த்தேன். சித்திரை மாதத்து வேலூரில் அதைவிடச் சரியான சொல் இல்லை என்றுதான் நினைத்தேன். எனக்கு அந்தக் கட்டைக் கொடுத்த சீனியர் வக்கீல் படித்துவிட்டுக் கூப்பிட்டு அனுப்பினார்.

"இத ஏம்மா 'ஹீட்'னு போட்ட?"

"வெயில்னா சூடுதானேங்க சார்?"

"அங்க படிக்கிறவங்களுக்கு 'ஹீட்'னா வேற ஞாபகம் வரும். முந்நூறாம் பிரிவு, நாலாவது விதிவிலக்கு. 'ஹீட் ஆஃப் பேஷன்'. திடீர்ச் சண்டையில கோவத்துல செஞ்சான்னு ஆயிடும். நமக்கு அது சாதகந்தான். ஆனா அவன் கோவம்னு சொல்லலியே. வெயிலுன்னுதான் சொன்னான். 'சன்'னு போடும்மா."

நான் திருத்திக் கொடுத்தேன். அவர் கட்சிக்காரனுக்கு உதவக்கூடிய ஒரு சொல்லை அவரே எடுக்கச் சொன்னார் என்பதை இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

அந்த நினைவோடுதான் கடற்கரைப் பக்கத்தைத் திறந்தேன். பெரியம்மா சொன்ன பொருளை வைத்து மூலத்தைத் தமிழில் எழுதினால் இப்படி வரும்: "சூரியனின் எரிச்சல் என் கன்னங்களைப் பிடித்துக்கொண்டிருந்தது, வேர்வைத் துளிகள் புருவத்தில் சேர்வதை உணர்ந்தேன். அம்மாவைப் புதைத்த நாளில் இருந்த அதே சூரியன். அன்று போலவே நெற்றிதான் அதிகமாக வலித்தது. தோலுக்கடியில் நரம்புகள் எல்லாம் சேர்ந்து அடித்துக்கொண்டன."

வார்டு ஏறக்குறைய இதையே வைத்திருக்கிறார். இரண்டு வாக்கியத்தில் இரண்டு முறை 'சன்' வருகிறது. 'அம்மாவைப் புதைத்த நாள்' என்பதும் அப்படியே இருக்கிறது.

கில்பர்ட்: "வெப்பம் என் கன்னங்களைச் சுட ஆரம்பித்தது, புருவத்தில் வேர்வை மணிகள் திரண்டன. என் தாயாரின் ஈமச்சடங்கின்போது இருந்த அதே வகையான வெப்பம். அதே விரும்பத்தகாத உணர்ச்சிகளும் எனக்கு ஏற்பட்டன, குறிப்பாக நெற்றியில். அங்கே நரம்புகள் எல்லாம் தோலைப் பிய்த்துக்கொண்டு வெளியே வருவது போலிருந்தது."

இரண்டு வாக்கியத்திலும் சூரியன் போய்விட்டது. இரண்டு முறையும் 'ஹீட்'. 'விரும்பத்தகாத உணர்ச்சிகள்' என்பது கிளப்பில் உட்கார்ந்திருக்கிற கனவானின் பேச்சு. மண்டை பிளக்கிற ஆள் அப்படிப் பேசமாட்டான். 'அதே வகையான' என்ற சேர்க்கையும் கெடுக்கிறது. மூலத்தில் அதே சூரியன், அதே மாதிரி ஒன்று அல்ல. இடுகாட்டிலிருந்து கடற்கரை வரைக்கும் அவன் பின்னாலேயே வந்த ஒரே ஆள் மாதிரி அந்தச் சூரியன் இருக்கிறது.

அடுத்த வரியில் இன்னும் பெரிய இழப்பு. மூலம்: "இந்த எரிச்சலை இதற்குமேல் தாங்க முடியாத காரணத்தால் முன்பக்கமாக ஓர் அசைவு அசைந்தேன்." வார்டு அந்தக் காரணத்தை விடவில்லை. என்னை முன்னால் நகரவைத்தது இந்த எரிச்சல்தான் என்று இன்னும் அழுத்தியே சொல்கிறார். கில்பர்டிடம் இருப்பது: "இதற்குமேல் தாங்க முடியவில்லை, இன்னொரு அடி முன்னால் வைத்தேன்." எரிச்சல் போயிற்று, 'காரணத்தால்' என்பதும் போயிற்று. எதைத் தாங்க முடியவில்லை? வெப்பமா, எதிரே இருந்த ஆளா, மொத்தச் சூழ்நிலையா? வெளியிலிருந்து வந்த ஒரு காரணம் அவன் மனநிலையாக மாறிவிட்டது. அந்த ஓரடிதான் எதிரே இருந்தவனைக் கத்தியை உருவ வைக்கிறது, அந்தக் கத்தியில் பட்ட வெளிச்சம்தான் துப்பாக்கியில் போய் முடிகிறது. கொலை வழக்கில் அந்த ஓரடிக்கான காரணத்தை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது?

இதன் பலன் விசாரணைக் காட்சியில் தெரிகிறது. ஏன் கொன்றாய் என்று கேட்கும்போது, சூரியனால் என்கிறான் மெர்சோ. கோர்ட்டில் சிரிப்பு. இங்கே இரண்டு பேருமே 'சன்' என்றுதான் பெயர்த்திருக்கிறார்கள், வேறு வழியும் இல்லை. ஆனால் கில்பர்டைப் படித்து வருகிறவனுக்கு, அந்தச் சூரியன் கடற்கரையில் முழு பலத்தோடு வரவில்லை. அங்கே அவன் பார்த்தது வெப்பமும் விரும்பத்தகாத உணர்ச்சிகளும். அதனால் கோர்ட்டில் சிரிக்கிறவர்களோடு சேர்ந்து அவனும் சிரிக்கக்கூடும். வார்டைப் படித்தவன் சிரிக்கமாட்டான். அவனுக்கு மெர்சோ ஏற்கெனவே இரண்டு முறை இதைச் சொல்லிவிட்டான்.

இந்த ஊரில் இருந்துகொண்டு ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பங்குனி முடிந்தால் எங்கள் கல்மலைகள் ராத்திரி ஒன்பது மணிக்கும் அனல் விட்டுக்கொண்டிருக்கும். மத்தியானம் வீட்டுக்குள் இருப்பதைப் புழுக்கம் என்போம், அனல் என்போம். வெளியே வாசற்படி தாண்டியதும் தலையில் இறங்குவது வெயில். அந்தச் சொல்லில் ஒளியும் இருக்கிறது, சூடும் இருக்கிறது, அது மேலேயிருந்து நம்மேல் விழுவதும் இருக்கிறது. பிரெஞ்சில் 'சொலேய்' என்ற ஒரே சொல் சூரியனையும் வெயிலையும் குறிக்கும் என்று பெரியம்மா சொன்னார். 'அதே சூரியன்' என்று மேலே எழுதினேன். இந்த நாவலை நான் தமிழில் பெயர்ப்பதாக இருந்தால் 'அதே வெயில்' என்றுதான் எழுதுவேன்.

முதல் பாகத்தின் கடைசி வாக்கியத்தில் மட்டும் எனக்குத் தீர்ப்பு எளிதாக வரவில்லை. முதல் குண்டுக்குப் பிறகு மேலும் நான்கு முறை சுடுகிறான். வார்டு: "துன்பத்தின் கதவை நான்கு முறை சட்டென்று தட்டுவது போல இருந்தது." கில்பர்ட்: "ஒவ்வொரு குண்டும் என் அழிவின் வாசலில் விழுந்த இன்னொரு உரத்த, விதிவசமான தட்டல்." 'உரத்த', 'விதிவசமான' இரண்டும் கில்பர்ட் சொந்தமாகப் போட்டவை. மூலத்தில் இருப்பது 'சுருக்கமான' தட்டல்கள், உரத்தவை அல்ல. விதி என்ற பேச்சே அந்த வாக்கியத்தில் இல்லை. ஆனால் கதவுக்குப் பின்னால் இருப்பது என்ன என்பதில் வார்டு சறுக்குகிறார். அவர் போட்ட சொல் 'அன்ஹாப்பினெஸ்'. மனசு சரியில்லை என்பதற்குச் சொல்கிற சொல் அது, கொலை செய்தவனின் கதவுக்கு அது மிக லேசு. பிரெஞ்சின் 'மலேர்' துரதிர்ஷ்டம், கேடுகாலம் என்ற பக்கம் சாய்வது. கில்பர்டின் 'அழிவு' அதற்குக் கிட்டே வருகிறது. தட்டலுக்கு வார்டு, கதவுக்குக் கில்பர்ட் என்று எடுத்துக்கொள்ள முடிந்தால் நல்லது.

கடைசிப் பக்கத்துக்கு வரும்போது எனக்கு இன்னொன்று புரிந்தது. மரண தண்டனைக்குக் காத்திருக்கும் மெர்சோ, தனக்காக ஜெபிப்பதாகச் சொல்லும் பாதிரியார்மேல் பாய்ந்து கத்தித் தீர்க்கிறான். அதற்குப் பிறகு வரும் அமைதியில் அவன் பேச்சே மாறுகிறது. அதுவரை 'போனேன், சாப்பிட்டேன், தூங்கினேன்' என்று துண்டு துண்டாகப் பேசியவனுக்கு நீளமான, ஏறிப்போகிற வாக்கியங்கள் வருகின்றன. கில்பர்ட் இந்த இடத்தில் அழகாக இருக்கிறார். உலகத்தின் 'மென்மையான அலட்சியத்துக்கு என்னைத் திறந்தேன்' என்று வார்டு சொல்வதை, கில்பர்ட் 'பிரபஞ்சத்தின் கருணையுள்ள அலட்சியத்துக்கு, முதல் முறையாக, முதன்முதலாக, என் இதயத்தைத் திறந்து வைத்தேன்' என்கிறார். இதயம் மூலத்தில் இல்லை, பிரபஞ்சமும் இல்லை, உலகம்தான் இருக்கிறது. இருந்தாலும் வாய்விட்டுப் படித்தால் கில்பர்ட்தான் காதில் நிற்கிறார்.

ஆனால் கில்பர்டின் மெர்சோ முதல் பக்கத்திலிருந்தே இப்படிப் பேசுகிறவன். 'ஐயத்துக்கு இடமாகவே உள்ளது' என்று ஆரம்பித்தவன் இங்கே பிரபஞ்சம் என்றால் அது ஏற்றமாகத் தெரியாது. எப்போதும் போல நன்றாகப் பேசுகிறான் என்றுதான் இருக்கும். வார்டில் நூறு பக்கத்துக்கும் மேலாகத் தரையோடு வந்த குரல் இங்கே எழும்பும்போது, தொரப்பாடி ஜெயில் பக்கம் ராத்திரி நடந்துபோகையில் திடீரென்று உள்ளேயிருந்து யாரோ பாடுவது கேட்டால் எப்படி நிற்போமோ, அப்படி நிற்கவைக்கிறது.

கடைசி வாக்கியத்துக்காகப் பெரியம்மாவை மறுபடி கூப்பிட்டேன். தண்டனை நிறைவேறும் நாளில் நிறையப் பேர் பார்க்க வர வேண்டும், அவர்கள் வெறுப்போடு கத்தி என்னை வரவேற்க வேண்டும் என்று முடிகிறது நாவல். அந்த வாக்கியத்தின் தொடக்கத்தில் கில்பர்ட் 'அக்கம்ப்ளிஷ்ட்' என்கிறார், வார்டு 'கன்ஸமேட்டட்' என்கிறார். எது சரி என்று கேட்டேன். பெரியம்மா பிரெஞ்சை இரண்டு முறை மெதுவாக வாசித்தார்.

"இது புனித வெள்ளி வார்த்தைடி. சிலுவையில கடைசியா சொல்வார் பாரு."

லத்தீன் பைபிளில் அந்த இடத்தில் இருப்பது 'கன்ஸும்மாட்டும் எஸ்ட்'. வார்டின் சொல் அங்கிருந்து நேராக வருகிறது. சாமியாரைத் துரத்தியவன் வாயில் அந்தச் சொல் வருவதைக் கேட்க வேண்டும் என்றால் அதுதான் வேண்டும். கில்பர்டின் சொல்லுக்குப் பொருள் சரி, அந்த எதிரொலி அவ்வளவு இல்லை. இந்த நாவலிலேயே ஒரே ஒரு இடத்தில் நமக்குத் தமிழில் எல்லாம் தயாராக இருக்கிறது. எங்கள் கோயிலில் ஒவ்வொரு வருஷமும் பாடுகளின் வாசகத்தில் கேட்பதுதான். வார்டின் பிரதியில் அந்த வரிக்கு ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்தேன்: 'எல்லாம் நிறைவேற, நான் கொஞ்சம் தனிமை குறைந்தவனாக உணர.'

'தனிமை குறைந்தவனாக' இன்னும் சரியாக வரவில்லை. அழித்து அழித்து அந்த ஓரம் சாம்பல் பூத்துக் கிடக்கிறது.